பச்சைப் புள்ளிக்குக் காவல்

"நேர வித்தியாசம் நமக்கு இடைஞ்சல் இல்லை, அதுதான் நம் முதல்" என்று மேடையில் சொன்னால் இப்போது கைதட்டல் நிச்சயம். வீட்டிலிருந்தபடி வெளிநாட்டு வேலை பார்ப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் கூட்டங்கள் குமரி மாவட்டத்துச் சிறுநகரங்கள் வரை வந்துவிட்டன. அமெரிக்கா உறங்கும்போது நாம் வேலை செய்கிறோம், அவர்கள் கண்விழிக்கும்போது வேலை முடிந்து மேசையில் இருக்கிறது, இது வேறு யாருக்கும் கிடைக்காத வரம் என்று பேச்சாளர் சொல்வார். அடுத்த பத்து நிமிடத்தில் அதே பேச்சாளர் இன்னொன்றும் சொல்வார்: கிளையன்டின் நேரமே உங்கள் நேரம், நாளுக்கு நான்கு மணி நேரமாவது அவர் விழித்திருக்கும்போது நீங்களும் விழித்திருக்க வேண்டும். இதற்கு ஓவர்லேப் என்று பெயர். வேலை அறிவிப்புகளில் சம்பளத்துக்கு முந்திய வரியில் இது வந்து நிற்கிறது.

இரண்டு பேச்சும் ஒன்றையொன்று வெட்டுகின்றன என்பது அந்தக் கூட்டத்தில் யாருக்கும் உறைப்பதில்லை. வித்தியாசம்தான் முதல் என்றால், ராத்திரி முழித்திருந்து அந்த முதலை ஏன் அழிக்கிறோம்? அவர் உறங்கும்போது வேலை முடிந்துவிடும் என்றால், அவர் விழித்திருக்கும்போது நாம் எதற்கு?

ஓவர்லேப்பின் பக்கம் இருக்கும் நியாயத்தை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். புதிய வேலை தொடங்கும் முதல் வாரம் முகம் பார்த்துப் பேசினால் பத்து மெயில் மிச்சம். சர்வர் விழுந்துவிட்டால், கூலியில் தகராறு வந்தால், கிளையன்டுக்குக் கோபம் வந்தால், குரல்தான் வேண்டும். வாடிக்கையாளரின் தொலைபேசி அழைப்பை எடுப்பதே தொழில் என்றால் அந்த ஊர்ப் பகலில்தான் எடுக்க முடியும். அதில் விவாதம் இல்லை. குளச்சலிலோ கருங்கலிலோ வீட்டை விட்டு நகர முடியாத ஒரு பெண்ணுக்கு இந்த ராத்திரி வேலை சொந்தக் காசைக் கொடுத்திருக்கிறது என்பதும் உண்மை. எல்லா நாடும் ஒரே மாதிரியும் அல்ல. லண்டனின் காலை 9 மணி நமக்கு மதியம் 1.30 அல்லது 2.30. சிட்னியின் பிற்பகல், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, நமக்குக் காலை 8.30 முதல் 12.30. அங்கெல்லாம் பகல் பகலோடு தானே ஒட்டிக்கொள்கிறது. சிக்கல் அமெரிக்காவோடுதான். சிகாகோவின் காலை நான்கு மணி நேரம் நமக்குக் கோடையில் இரவு 7.30 முதல் 11.30, குளிர்காலத்தில் 8.30 முதல் 12.30. லாஸ் ஏஞ்சலிஸ் என்றால் அதிகாலை 1.30, குளிர்காலத்தில் 2.30 வரை இழுக்கும்.

என் ஆட்சேபம் உறக்கத்தைப் பற்றியது மட்டும் அல்ல. இரவு வேலையை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007-லேயே 'அநேகமாகப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம்' என்ற சந்தேகப் பட்டியலில் சேர்த்துவிட்டது; அதை எடுத்துச் சொல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது வேலையின் தரம் பற்றி. விழித்திருப்பது மோசமான எழுத்தை மூடிமறைக்கிறது. மூடிமறைப்பதால் அந்த எழுத்து திருந்துவதே இல்லை. திருந்தாததால் இன்னும் விழித்திருக்க வேண்டியிருக்கிறது.

இந்தத் தொழில் தமிழ்நாட்டில் எப்படித் தொடங்கியது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். 1990-களில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வந்தது. அமெரிக்க மருத்துவர் நாள் முடிவில் நோயாளியைப் பற்றிய குறிப்பை வாயால் சொல்லிப் பதிவு செய்வார்; அந்த ஒலிக்கோப்பு இங்கே வரும்; இங்கே பகலில் தட்டச்சு செய்து, அவர் மறுநாள் வருவதற்குள் திருப்பி அனுப்புவார்கள். 1999-இல் சென்னையில் தொடங்கிய ஆபீஸ் டைகர், நியூயார்க் வங்கிகளுக்கு இதே தர்க்கத்தைத்தான் விற்றது: மாலையில் கொடு, காலையில் வாங்கிக்கொள். 2006-இல் அதை ஆர்.ஆர். டானெல்லி என்ற அமெரிக்க நிறுவனம் 25 கோடி டாலருக்கு வாங்கியது. நேர வித்தியாசம் முதல் என்று சொல்ல உண்மையில் தகுதி உள்ளவர்கள் அவர்கள்தான்.

டிரான்ஸ்கிரிப்ஷனில் இருந்தவர்களுக்கு ஒரு வழக்கம் நினைவிருக்கும். மருத்துவர் முணுமுணுத்த மருந்தின் பெயர் காதில் விழவில்லை. என்ன செய்வார்கள்? அமெரிக்காவுக்குப் போன் போட மாட்டார்கள். ஊகித்தும் எழுத மாட்டார்கள். மருந்தின் பெயரை ஊகித்தால் ஆள் செத்துப்போவான். அந்த இடத்தில் வெற்றிடம் விட்டு, ஒலிக்கோப்பில் எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது நொடி என்று குறித்து, அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். மருத்துவர் காலையில் அந்த ஒரு சொல்லை மட்டும் நிரப்பினால் போதும். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவது, எங்கே தெரியவில்லை என்று காட்டுவது, மீதி வேலையை நிறுத்தாமல் முடிப்பது: இந்த மூன்றும் சேர்ந்துதான் கடலுக்கு அந்தப் பக்கம் உறங்குகிற ஒருவரோடு வேலை செய்யும் முறை. அதை ஒரு தலைமுறைக்கு முன்பே இந்தத் தொழில் கண்டுபிடித்துவிட்டது.

பிறகு கால் சென்டர் வந்தது. குரல் தொழில், ஆள் விழித்திருந்தாக வேண்டும். நியாயம். ஆனால் அந்த அலுவலகங்களில் வளர்ந்த மேலாளர்கள் இரவு ஷிஃப்ட்டைத் தங்களோடு எடுத்துக்கொண்டு, குரலே தேவைப்படாத தொழில்களுக்கெல்லாம் போனார்கள்: கணக்கு எழுதுதல், வலைத்தளம் அமைத்தல், படம் வரைதல், டேட்டா சரிபார்த்தல். 2020-இல் கொரோனா வந்து திருவனந்தபுரம் டெக்னோபார்க்கிலும் பெங்களூரிலும் இருந்த பிள்ளைகள் மடிக்கணினியோடு ஊர் திரும்பியபோது, அந்த இரவும் கூடவே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. "ராத்திரி முழுக்க முழிச்சிருக்கான், பகல் முழுக்க உறங்குகான், கேட்டா வேலைங்கான்" என்று குளச்சலில் ஒரு தாய் சொன்னால் அது புகார் மாதிரிக் கேட்கும். எனக்கு அது நல்ல விமர்சனமாகவே படுகிறது. அந்த ராத்திரியில் நடப்பதில் எவ்வளவு வேலை, எவ்வளவு இருப்பு?

ஓர் உதாரணத்தை அடி முதல் நுனி வரை எடுத்துக்கொள்வோம். சிகாகோவில் ஒரு பேக்கரி. அதன் மாதக் கணக்கைக் குளச்சலிலிருந்து ஒரு பெண் எழுதுகிறாள் என்று வையுங்கள். ஏப்ரல் முதல் வாரம், மார்ச் மாதத்து வங்கிப் பட்டியலைக் கணக்கோடு ஒத்துப்பார்க்கிறாள். திங்கட்கிழமை காலை 9 மணி. சிகாகோவில் ஞாயிறு இரவு 10.30. மார்ச் 14-ஆம் தேதி 1,840 டாலருக்கு ஒரு காசோலை போயிருக்கிறது, பில் இல்லை. அடுப்பைப் பழுதுபார்த்த செலவா, புதிய இயந்திரம் வாங்கியதா? முன்னது அந்த மாதச் செலவு. பின்னது சொத்து, வருடக்கணக்கில் தேய்மானம் போட வேண்டியது. லாபக் கணக்கே மாறும்.

அவள் எழுதுகிறாள்: "வணக்கம், மார்ச் கணக்கில் ஒரு சந்தேகம். நேரம் இருக்கும்போது பேசலாமா?" எழுதிவிட்டு அந்தக் கணக்கை மூடி வைக்கிறாள். பேக்கரிக்காரர் திங்கள் காலை 8 மணிக்குப் பார்க்கிறார். நமக்கு மாலை 6.30. இவள் கணினியை அணைத்து அரை மணி நேரம் ஆயிற்று. "பேசலாமே, எதைப் பற்றி?" என்று பதில். அதைச் செவ்வாய் காலை பார்த்து, "பில் இல்லாத ஒரு காசோலை பற்றி" என்கிறாள். அன்று மாலை அவர், "எந்தக் காசோலை?" என்கிறார். புதன் காலை எண்ணை அனுப்புகிறாள். புதன் மாலை அவர், "ஓ, அதுவா, அது மாவு பிசையும் புது இயந்திரம்" என்கிறார். வியாழன் காலைதான் கணக்கு மறுபடி திறக்கிறது. ஒரு சொல் பதிலுக்கு மூன்று நாள். பேக்கரிக்காரர் இப்போது என்ன முடிவுக்கு வருவார்? இந்தியாவோடு வேலை செய்வது இழுவை. அந்தப் பெண் என் நேரத்தில் உட்கார்ந்தால் இது மூன்று நிமிடத்தில் முடிந்திருக்கும். அடுத்த மாதத்திலிருந்து அவள் இரவு 7.30-க்குக் கணினி முன்னால்.

அவர் சொல்வது சரிதான். மூன்று நிமிடத்தில் முடியும். ஆனால் மூன்று நாளைத் தின்றது பத்தரை மணி நேர வித்தியாசம் இல்லை. ஒன்றுமே சொல்லாத முதல் மெசேஜ்தான் தின்றது. அதே திங்கட்கிழமை காலை அவள் இப்படி எழுதியிருக்கலாம்: மார்ச் 14, காசோலை எண் இன்னது, தொகை 1,840 டாலர், இன்னாருக்குப் போயிருக்கிறது, பில் என்னிடம் இல்லை, காசோலையின் படத்தை இணைத்திருக்கிறேன். பழுதுச் செலவு என்றால் 'அ' என்று பதில் போடுங்கள், புது இயந்திரம் என்றால் 'ஆ'. அதுவரை சஸ்பென்ஸ் கணக்கில் வைத்துவிட்டு மற்றவற்றை முடிக்கிறேன். சிகாகோ நேரம் வியாழன் மாலை 5 மணிக்குள் பதில் வராவிட்டால், அதைச் சஸ்பென்ஸிலேயே வைத்து, அறிக்கையின் முதல் பக்கத்தில் குறிப்போடு அனுப்புவேன்.

இதற்கு அவர் காலை காபியோடு ஒற்றை எழுத்தில் பதில் போடலாம். போடாவிட்டாலும் கணக்கு நிற்கவில்லை. கேள்வி, அதற்கு வரக்கூடிய பதில்கள், பதில் வரும் வரை நான் செய்வது, வராவிட்டால் நான் செய்வது: நான்கும் ஒரே மெசேஜில். எழுத எட்டுப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கத்தான் மாதம் முழுவதும் நான்கு மணி நேர இரவைக் கொடுக்கிறோம்.

"எல்லாரும் இப்படி எழுத முடியுமா?" என்று கேட்பார்கள். எழுத முடியாததற்குக் காரணம் கண்விழிப்பேதான். எதிர்முனையில் ஆள் இருக்கிறார், பச்சைப் புள்ளி எரிகிறது என்று தெரிந்துவிட்டால் யாரும் முழுதாக எழுத மாட்டார்கள். 'ஹாய்' என்று தட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். அந்தப் பக்கத்து மேலாளரும் அப்படித்தான். வேலையை அரைகுறையாகச் சொல்லுவார். மீதி கேட்டால் சொல்லிக்கொள்ளலாம், அவன் அங்கேதானே உட்கார்ந்திருக்கிறான். வேலையைத் தெளிவாக வரையறுப்பது கூலி கொடுப்பவனின் கடமை. அந்தக் கடமையிலிருந்து அவனைத் தப்பிக்க விடும் ஏற்பாட்டுக்குத்தான் ஓவர்லேப் என்று நாகரிகமாகப் பெயர் வைத்திருக்கிறோம். அவனுடைய சோம்பலுக்கு நம்முடைய உறக்கம் ஈடு. கடுமையாகச் சொல்வதாகப் படலாம். இரவு ஒரு மணிக்கு, கேட்க ஒன்றும் இல்லாமல், செய்ய ஒன்றும் இல்லாமல், திரை அணைந்து புள்ளி மஞ்சளாகிவிடக் கூடாதே என்று மவுஸை அசைத்துக்கொண்டிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், நான் சொன்னது போதாது என்பார்கள்.

உள்ளூர்ப் பெருமையை வைத்தும் ஒரு வாதம் உண்டு. நடுச்சாமத்தில் எழுந்து கடலுக்குப் போகிற ஊர் இது, குளச்சல்காரனுக்கு ராத்திரி புதுசா என்று. புதிதில்லைதான். அந்நேரம் போனால்தான் மீன் படும், விடிந்து ஏலத்துக்குக் கொண்டுவர முடியும் என்பதால் போகிறார்கள். காரணம் கடலில் இருக்கிறது. கரையில் இருக்கும் முதலாளிக்குத் தாங்கள் விழித்திருப்பதைக் காட்டுவதற்காக எந்த வள்ளக்காரரும் நடுச்சாமத்தில் எழுவதில்லை.

கடலிலிருந்து பாடம் எடுக்க வேண்டும் என்றால் வணிகக் கப்பலிலிருந்து எடுக்கலாம். இந்தக் கரையோர ஊர்களில் கப்பல் வேலைக்குப் போனவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கப்பல் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடுகிறது, கேப்டன் உறங்குகிறார். எப்படி? உறங்கப் போகுமுன் இரவு உத்தரவுப் புத்தகத்தில் எழுதி வைக்கிறார்: இந்தத் திசை, இந்த வேகம், இந்த இடத்தில் திருப்பம், பார்வைத் தூரம் இத்தனை மைலுக்குக் கீழே போனால் என்னை எழுப்பு, வேறு கப்பல் இத்தனை மைலுக்குள் வந்தால் எழுப்பு. காவல் பார்க்கும் ஒவ்வோர் அதிகாரியும் அதைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று அதிகாரிகள் நான்கு நான்கு மணி நேரமாக முறை மாறுகிறார்கள். வருகிறவர், கப்பல் இருக்கும் இடமும் போகும் திசையும் சுற்றியிருக்கும் கப்பல்களும் தனக்கு விளங்கிவிட்டன என்று நிச்சயம் செய்துகொண்ட பிறகே பொறுப்பேற்கிறார். பாதித் திருப்பத்தில் இருந்தால் திருப்பம் முடியும் வரை பழைய ஆள் நகரக் கூடாது. வருகிறவர் நிலையாக இல்லை, களைத்திருக்கிறார் என்று தோன்றினால் ஒப்படைக்கவே கூடாது. கேப்டனுக்குச் சொல்ல வேண்டும்.

'எப்போது என்னை எழுப்ப வேண்டும்' என்ற அந்த வரி நம் மெயில்களில் எங்கே? எதற்குக் காத்திருக்கலாம், எதற்குப் போன் போட வேண்டும் என்று கிளையன்டோடு முதல் வாரத்திலேயே எழுதிக்கொண்டவர்கள் எத்தனை பேர்? அது இல்லாததால்தான் எல்லாமே அவசரம் ஆகிறது. எல்லாம் அவசரமானால் யாரோ ஒருவர் எந்நேரமும் விழித்திருக்க வேண்டியதுதான். கப்பலில் இன்னொன்றும் உண்டு. கப்பல்காரர்களுக்கான 1978-ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கை, பின்னால் வந்த திருத்தங்களோடு சேர்த்து, 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி ஓய்வு, ஏழு நாளில் 77 மணி ஓய்வு, அந்தப் பத்தில் ஆறு மணியாவது தொடர்ச்சியாக என்று கணக்கு வைத்திருக்கிறது. புயலில் மாட்டும் தொழிலுக்கு ஓய்வுக் கணக்கு இருக்கிறது. பேக்கரிக் கணக்கு எழுதுகிறவளுக்கு இல்லை.

ஓவர்லேப்பைப் புகழ்கிறவர்கள் நேரத்தையாவது ஒழுங்காகக் கையாள்கிறார்களா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னால் இழுக்கிறது. ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் செய்கிறது. நாம் செய்வதே இல்லை. அரிசோனாவின் பெரும்பகுதியும் செய்வதில்லை. நியூயார்க்கிலும் லண்டனிலும் கிளையன்ட் வைத்திருப்பவருக்கு மார்ச் மாதத்தில் இரண்டு மூன்று வாரம் பழைய மனக்கணக்கு எதுவும் உதவாது. கேலண்டரில் வாராந்தர மீட்டிங்கை யார் உருவாக்கினாரோ அவருடைய ஊர் நேரத்தில்தான் அது கட்டப்பட்டிருக்கும். சிகாகோக்காரர் `America/Chicago` என்று வைத்த காலை 10 மணி மீட்டிங், நமக்கு இரவு 8.30-லிருந்து நவம்பரில் சத்தமில்லாமல் 9.30-க்கு நகர்ந்துவிடும். நாம் `Asia/Kolkata` என்று வைத்திருந்தால் நகர வேண்டியவர் அவர். நம் ஆட்கள் மரியாதை கருதி அழைப்பை எப்போதும் அவரையே அனுப்பச் சொல்கிறார்கள். அதனால் வருடாவருடம் நகர்வது நாம்தான்.

சுருக்கெழுத்தின் வம்பு தனி. ஏப்ரலில் ஒருவர் "10 AM CST" என்று எழுதுகிறார். அவர் மனதில் இருப்பது சிகாகோவின் அன்றைய கடிகாரம். அது நமக்கு இரவு 8.30. அவர் எழுதியதை எழுத்துக்கு எழுத்து எடுத்தால் அது குளிர்கால நேரம், 9.30 ஆகும். சீனாவின் நேரத்துக்கும் அதே மூன்று எழுத்து. நம்முடைய IST அயர்லாந்துக்காரருக்கும் இஸ்ரேல்காரருக்கும் அவரவர் நேரம். ஊர்ப் பெயரைப் போட்டு, கிழமையும் தேதியும் சேர்த்து, இரண்டு ஊர் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் தீர்கிற காரியம். "வெள்ளிக்கிழமை முடிவதற்குள்" என்பது சிகாகோவில் மாலை 5 மணி என்றால் நமக்குச் சனி அதிகாலை 3.30. இதைக் கேட்காமல் வெள்ளி மாலையே அடித்துப் பிடித்து முடித்து அனுப்புகிறவர்கள், தங்களுக்கு இன்னும் ஓர் இரவு இருந்தது என்பதை அறிவதே இல்லை. நான்கு மணி நேரம் கூடவே உட்கார்ந்திருப்பவர்கள் இதைக் கேட்பதும் இல்லை. உட்கார்ந்திருக்கிறோமே, அது போதும் என்ற எண்ணம்.

"இப்படியெல்லாம் பேசினால் கிளையன்ட் வேறு ஆளிடம் போய்விடுவார்" என்பது கடைசி வாதம். பயத்தில் பிறந்தது என்றாலும் பொய் இல்லை. சிலர் போவார்கள். முன்பின் தெரியாத ஆளிடம் முதல் மாதமே இதைப் பேச முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்கலாம்: எதற்காக அந்த நான்கு மணி நேரம்? அழைப்புகளை எடுப்பதற்கா, நீங்கள் எழுதாமல் விட்டதை நான் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கா, அல்லது நான் இருக்கிறேன் என்று உங்களுக்கு நிம்மதி தருவதற்கா? முதலாவது என்றால் அது வேலை. இரண்டாவது என்றால் வாரத்துக்கு இரண்டு அரைமணி நேரப் பேச்சும் ஒழுங்கான எழுத்தும் போதும். மூன்றாவது என்றால் அது காவல் வேலை, காவலுக்குத் தனிக் கூலி உண்டு. மாத இன்வாய்ஸில் வேலைக்கு ஒரு வரி, இரவு இருப்புக்கு வேறொரு வரி, மணிக்கு இவ்வளவு என்று பிரித்துப் போடுங்கள். பேக்கரிக்காரர் அந்த இரண்டாவது வரியைப் பார்த்த பிறகும் நான்கு மணி நேரம் வேண்டும் என்றால், அது உண்மையிலேயே அவருக்குத் தேவை, மகிழ்ச்சியோடு விழித்திருக்கலாம்.